ஐஇஎல்டிஎஸ்-இல் அரை பேண்ட் குறைந்துவிட்டதா? விண்ணப்பத்தில் காரணம் எழுதாதீர்கள், ஆதாரம் வையுங்கள்

பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய விரும்பும் ஒருவருக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் மொத்தமாக 7 வேண்டும். கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் தலா 7, எழுதுதலில் 6.5. இது அந்நாட்டின் நர்சிங் மற்றும் மகப்பேறு கவுன்சில், சுருக்கமாக என்எம்சி, வைத்திருக்கும் கணக்கு. எழுதுதலில் 6 வந்தால் என்ன ஆகும்? மற்ற மூன்றும் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்தச் சான்றிதழ் தனியாகச் செல்லாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ வேலைக்கோ விண்ணப்பிப்பவர்களும் இதே சிக்கலில்தான் மாட்டுகிறார்கள். தினமும் ஆங்கிலத்தில் வேலை பார்ப்பார்கள், மீட்டிங் நடத்துவார்கள். தேர்வுத் தாளில் மட்டும் ஒரு பகுதி அரை பேண்ட் குறைந்திருக்கும். உடனே பெரும்பாலானோர் செய்வது, விண்ணப்பத்தோடு ஒரு விளக்கக் கடிதம் சேர்ப்பது. ‘அன்று காய்ச்சல்’, ‘ஹெட்போன் சரியில்லை’, ‘பதற்றமாகிவிட்டது, உண்மையில் என் ஆங்கிலம் நன்றாக இருக்கும்’.

இந்தக் கடிதங்களால் ஒன்றும் நடப்பதில்லை. அவை பொய் என்பதால் அல்ல. படிப்பவருக்கு அவற்றை வைத்து முடிவெடுக்க வழியே இல்லை என்பதால். காய்ச்சல் இருந்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். காய்ச்சல் இல்லாத நாளில் 6.5 வந்திருக்கும் என்பதற்கு அது சான்றாகுமா? ஹெட்போன் பழுது என்றால் தேர்வு மையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்கே புகார் கொடுத்திருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பயனில்லை.

குறைந்த மதிப்பெண்ணைச் சமாளிக்க வழிகள் இருக்கின்றன. ஆனால் அவை எல்லாமே, எதிர்த் தரப்பு ‘இதை ஏற்போம்’ என்று ஏற்கெனவே சொல்லிவைத்த வழிகள். அவற்றைத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இந்திய நர்ஸுகளும் என்எம்சி-யும்தான்.

ஓவரால் 7 இருக்கே, அப்புறம் என்ன?

ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டு வேலை பார்த்த பி.எஸ்சி. நர்சிங் பட்டதாரி ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு பஸ் ஏறிப் போய் ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறார். முடிவு: கேட்டல் 7.5, படித்தல் 7, எழுதுதல் 6, பேசுதல் 7.

நான்கையும் கூட்டினால் 27.5. நான்கால் வகுத்தால் 6.875. ஐஇஎல்டிஎஸ் இதை அருகில் உள்ள அரை பேண்டுக்குக் கொண்டுபோகும், அதனால் சான்றிதழில் மொத்த மதிப்பெண் 7 என்றே வரும். அவர் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு போன் போடுவார். ஆனால் என்எம்சி மொத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பல பல்கலைக்கழகங்களும் அப்படியே. ‘ஓவரால் 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது’ என்று போட்டிருந்தால், பலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டிவிடுகிறார்கள்.

அதனால் முதல் வேலை, எந்தப் பகுதியில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சரியாக அறிவது. ‘என் ஐஇஎல்டிஎஸ் குறைவு’ என்பது பிரச்சினையின் பெயரே அல்ல. ‘எழுதுதலில் அரை பேண்ட் குறைவு, மற்ற மூன்றும் சரி’ என்பதுதான் பெயர். இனி தேடும் ஆதாரம் எல்லாம் அந்த அரை பேண்டுக்காக மட்டும்.

ஆதாரம் தேடும் முன் மூன்று கதவுகள்

முதல் கதவு மறுமதிப்பீடு. ஐஇஎல்டிஎஸ் எழுதிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் கேட்க வேண்டும். எல்லாப் பகுதிக்கும் கேட்கலாம், ஒரு பகுதிக்கு மட்டும் கூடக் கேட்கலாம். மதிப்பெண் உயர்ந்தால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். கேட்டலும் படித்தலும் சரி, தவறு என்று எண்ணப்படும் பகுதிகள், அங்கே மாற வாய்ப்பு மிகக் குறைவு. எழுதுதலும் பேசுதலும் மனிதர் தீர்ப்பளிக்கும் பகுதிகள். அரை பேண்டில் தவறியவருக்கு இந்த வழி யோசிக்கத் தகுந்தது. ஒரு பேண்ட், ஒன்றரை பேண்ட் குறைந்தவருக்கு அது பணமும் நாளும் வீண்.

இரண்டாவது, இரண்டு முடிவுகளைச் சேர்ப்பது. நம் உதாரண நர்ஸ் ஐந்து மாதம் கழித்து மறுபடி எழுதுகிறார். இந்த முறை கேட்டல் 7.5, படித்தல் 6.5, எழுதுதல் 6.5, பேசுதல் 7. எழுத்து ஏறிவிட்டது, ஆனால் படித்தல் இறங்கிவிட்டது. தனியாகப் பார்த்தால் இதுவும் தோல்விதான். ஆனால் இரண்டு தேர்வும் 12 மாத இடைவெளிக்குள் இருந்து, இரண்டிலும் எந்தப் பகுதியும் தேவையைவிட அரை பேண்டுக்கு மேல் குறையாமல் இருந்தால், என்எம்சி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். படித்தலை முதல் தேர்விலிருந்தும், எழுதுதலை இரண்டாவதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். இரண்டு தோல்விகள் சேர்ந்து ஒரு வெற்றி. இந்த விதி தெரியாமல் இரண்டாவது முடிவைப் பார்த்து ‘மறுபடியும் போச்சு’ என்று மூன்றாவது தேர்வுக்குப் பணம் கட்டினால் அது வெறும் நஷ்டம். ஒரு முறை எழுதவே பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது.

இதற்கு நெருங்கிய இன்னொரு வசதியும் உண்டு. கம்ப்யூட்டரில் ஐஇஎல்டிஎஸ் எழுதியவர்கள், 60 நாளுக்குள் ஒரே ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். ஆனால் எல்லா அமைப்புகளும் இதை ஏற்பதில்லை. கட்டணம் கட்டும் முன் விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைப்பது நல்லது.

மூன்றாவது கதவு, தேர்வையே மாற்றுவது. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுதுதல் பகுதியில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விளக்கி 150 சொல், ஒரு பொதுவான தலைப்பில் 250 சொல் கட்டுரை என இரண்டு வேலை. கட்டுரைக்குத்தான் இரட்டிப்பு எடை. ஒரு வார்டு நர்ஸ் தன் வாழ்நாளில் அப்படி ஒரு கட்டுரையை எழுதப்போவதில்லை. என்எம்சி 2017 முதல் ஏற்றுவரும் ஓஇடி என்ற மருத்துவத் துறைத் தேர்வில், ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, அதை வைத்து வேறொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ 180 முதல் 200 சொல்லுக்குள் கடிதம் எழுதச் சொல்வார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். அங்கே கேட்டல், படித்தல், பேசுதலில் ‘பி’ கிரேடும், எழுதுதலில் ‘சி பிளஸ்’ கிரேடும் போதும். நோயாளியைப் பற்றி எழுத வருகிறது, உலகமயமாக்கல் பற்றி எழுத வரவில்லை என்பவருக்கு இது நேர்மையான மாற்று.

2023-இல் என்ன மாறியது?

இந்த மூன்று கதவும் தேர்வுக்குள்ளேயே இருப்பவை. தேர்வுக்கு வெளியே உள்ள ஆதாரத்தையும் ஏற்கலாம் என்ற நிலை வந்தது 2023 பிப்ரவரி 8 அன்று.

அதற்குப் பின்னால் ஒரு நீண்ட போராட்டம் இருந்தது. இந்தியாவில் நர்சிங் படித்து, பதிவும் பெற்ற பலர், மொழித் தேர்வில் சிறு வித்தியாசத்தில் தவறியதால் பிரிட்டன் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பதிவில்லாத உதவியாளராக ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகல் முழுவதும் ஆங்கிலத்தில் நோயாளியிடம் பேசுவார்கள், ஷிப்டு முடியும்போது ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுவார்கள். ஆனால் ‘ஆங்கிலம் போதாது’ என்று நர்ஸ் பதிவு கிடைக்காது. இவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களிலும் அங்கே பணியாற்றும் இந்திய வம்சாவளி நர்ஸுகள் முன்னால் நின்றார்கள். 2022-இல் என்எம்சி பொதுமக்கள் கருத்தைக் கேட்டது, அடுத்த ஆண்டு விதி மாறியது.

புதிய விதிப்படி, மேலே சொன்ன இரண்டு தேர்வு முடிவுகளைச் சேர்க்கும் கால இடைவெளி 6 மாதத்திலிருந்து 12 மாதமாக நீண்டது. அதோடு, பணியளிப்பவர் தரும் துணைத் தகவலையும் ஆதாரமாக ஏற்கத் தொடங்கினார்கள். ஆனால் இது எல்லோருக்கும் அல்ல. ஒரு பகுதியில் மட்டும், அதுவும் ஐஇஎல்டிஎஸ் என்றால் 0.5, ஓஇடி என்றால் அரை கிரேடு குறைந்தவர்களுக்கு. அல்லது, ஆங்கிலம் பெரும்பான்மை மொழியாக இல்லாத நாட்டில் ஆங்கில வழியில் நர்சிங் படித்து, ஆங்கிலத்திலேயே தேர்வு எழுதியவர்களுக்கு. இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும், கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் குறைந்தது 12 மாதம் பிரிட்டனின் சுகாதாரத் துறையிலோ முதியோர், நோயாளி பராமரிப்புத் துறையிலோ வேலை பார்த்திருக்க வேண்டும். அவரது வேலையை நேரடியாகப் பார்க்கும் மேலாளர் படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும், மேலே உள்ள இன்னொருவரும் உறுதி செய்ய வேண்டும்.

இதை ‘சலுகை’ என்று சொல்வது தவறு. தேர்வு என்பது சுமார் மூன்று மணி நேரத்தில் எடுக்கும் ஒரு மாதிரி. அந்த மாதிரி எல்லைக்கு மிக அருகில் நிற்கும்போது, பன்னிரண்டு மாதம் நேரில் பார்த்தவரின் வார்த்தையைச் சேர்த்துப் பார்ப்பது அறிவுள்ள காரியம். எல்லையிலிருந்து வெகு தூரத்தில் நின்றால் யார் வார்த்தையும் சேராது. ‘ஒரு பகுதி, அரை பேண்ட்’ என்ற நிபந்தனையின் பொருள் இதுதான்.

திருவண்ணாமலையில் இருந்தபடியே இது முடியுமா?

முடியாது. இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வைத்தால் ஐஇஎல்டிஎஸ் தேவையில்லை’ என்று பேசும் ஏஜென்டுகள் உண்டு. இங்குள்ள மருத்துவமனை நிர்வாகம் எத்தனை ஆண்டு அனுபவத்துக்குக் கடிதம் கொடுத்தாலும், என்எம்சி-யின் இந்த விதிக்கு அது பொருந்தாது. பிரிட்டனில் செய்த வேலை மட்டுமே கணக்கு. ‘அப்படியானால் முதலில் பராமரிப்பு உதவியாளராக அங்கே போய், ஒரு வருடம் கழித்து மேலாளரிடம் படிவம் வாங்கலாமே’ என்று சிலர் கேட்பார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளர்களை எடுக்கும் வீசா வழியை பிரிட்டன் மூடிவிட்டது. ஆக அந்தச் சுற்றுவழியும் இப்போது இல்லை. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கே இந்தப் படிவம் பயன்படும். ஊரில் இருந்து விண்ணப்பிப்பவருக்கு, முன்பு சொன்ன மூன்று கதவுகள்தான்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். ஐசியு-வில் பத்து வருடம் ஆங்கிலத்தில் கேஸ் ஷீட் எழுதியவரின் அனுபவம் ஏன் கணக்கில் வராது? பதில் கசப்பாக இருக்கும். நம் மருத்துவமனைகளில் கேஸ் ஷீட் ஆங்கிலம், பேச்சு தமிழ். நோயாளி ‘வயித்தால போகுது’ என்பார், நர்ஸ் அதை ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஒரு வரியாகக் குறிப்பார். காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் எண்கள். முழு வாக்கியத்தில், ஒரு நோயாளியின் நிலையை இன்னொருவருக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதுவது நர்ஸின் தினசரி வேலையில் மிகக் குறைவு. டிஸ்சார்ஜ் சம்மரியை பெரும்பாலும் டாக்டர்தான் எழுதுகிறார். அதனால் பத்து வருட கேஸ் ஷீட் என்பது ஆங்கிலம் தெரியும் என்பதற்கு ஆதாரம். 6.5 அளவுக்கு எழுத வரும் என்பதற்கு ஆதாரம் அல்ல.

ஊரின் இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள கடைக்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் வெளிநாட்டவரோடு சரளமாக ஆங்கிலம் பேசுவார்கள். அறை வாடகை பேசுவது முதல் கிரிவலப் பாதையை விளக்குவது வரை எல்லாம் நடக்கும். அது உண்மையான மொழித் திறன், குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அங்கே வேலை பார்த்த ஓர் இளைஞர், எழுதுதலில் 5.5 வாங்கிவிட்டு, ‘தினமும் வெளிநாட்டவரோடு பேசுகிறேன்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால், அது பேசுதலுக்கான ஆதாரம். குறைந்தது எழுதுதல். கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னதாக ஆகிவிடும்.

பயிற்று மொழிச் சான்றிதழ் போதுமா?

கல்லூரியில் வாங்கும் ‘பயிற்று மொழி ஆங்கிலம்’ என்ற சான்றிதழை நம்பி பலர் இருக்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கவும் செய்கின்றன. ஆனால் மதிப்பெண் குறைந்ததைச் சரிக்கட்ட அது ஏன் பலவீனமான ஆயுதம்? ஒரே வகுப்பில் படித்த அறுபது பேருக்கும் அதே வார்த்தைகளில் அதே சான்றிதழ் கிடைக்கும். 8 வாங்கியவரிடமும் அது இருக்கும், 5 வாங்கியவரிடமும் இருக்கும். இருவரையும் பிரித்துக் காட்டாத காகிதம் ஒருவரைப் பற்றி எதுவும் சொல்லாது. என்எம்சி-யும் அதைத் தனியாக ஏற்காமல், பிரிட்டனில் செய்த வேலையோடு சேர்த்துத்தான் ஏற்கிறது.

மேலும் ஒன்று. தேர்வே எழுதாதவரிடம் அந்தச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அது ஒரு தகவல். குறைந்த மதிப்பெண்ணும் அதுவும் சேர்ந்து இருந்தால், படிப்பவர் மதிப்பெண்ணைத்தான் நம்புவார்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

என்எம்சி-யிடம் விதி எழுத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் விதியும் உண்டு, கொஞ்சம் மனிதத் தீர்ப்பும் உண்டு. உதாரணமாக, பிரிட்டனில் பட்டப்படிப்பு அல்லது அதற்கு மேல் படிக்கப் போகும் மாணவருக்கு, வீசாவுக்கு வேண்டிய மொழித் தகுதியைப் பல்கலைக்கழகமே தன் சொந்த முறையில் மதிப்பிடலாம் என்று அந்நாட்டு விதி அனுமதிக்கிறது. பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணைப் பார்ப்பதா, தங்கள் தேர்வை வைப்பதா, படிப்பு தொடங்கும் முன் சில வார மொழி வகுப்பில் சேரச் சொல்வதா என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அதனால் கேள்வியை ஏஜென்டிடமோ வீசா அலுவலகத்திடமோ கேட்பதில் பயனில்லை. சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு சின்ன மெயில் போட வேண்டும்: ‘என் எழுதுதல் மதிப்பெண் 6, நீங்கள் கேட்பது 6.5, மற்றவை இவை. இந்த ஒரு பகுதிக்கு எந்த மாற்று ஆதாரத்தை ஏற்பீர்கள்? முன்கூட்டிய மொழி வகுப்பு உண்டா?’ விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. ‘எதையும் ஏற்பதில்லை’ என்று பதில் வந்தால், அதுவும் லாபம்தான். கட்டணம் மிச்சம்.

மாற்று ஆதாரம் பார்ப்போம் என்று சொன்னால், விண்ணப்பத்தில் அதைப் பற்றி எழுத மூன்று வாக்கியம் போதும். சென்னை ஐடி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் இப்படி எழுதலாம்:

‘மார்ச் மாதம் எழுதிய தேர்வில் எனக்கு எழுதுதலில் 6, மற்ற மூன்று பகுதிகளிலும் 7 அல்லது அதற்கு மேல். எழுதுதலுக்கான ஆதாரமாக, கடந்த 18 மாதங்களில் வாடிக்கையாளருக்காக நான் ஆங்கிலத்தில் தயாரித்த இரண்டு தொழில்நுட்ப அறிக்கைகளையும், அவற்றை நானே எழுதினேன் என்று உறுதி செய்யும் மேலாளரின் கடிதத்தையும் இணைத்துள்ளேன். ஜூன் மாதம் மறுபடி தேர்வு எழுதுகிறேன், முடிவு வந்ததும் அனுப்புவேன்.’

இதில் மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை. முதல் வாக்கியம் குறையை எண்ணோடு ஒப்புக்கொள்கிறது, படிப்பவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, குறைந்த அதே பகுதிக்கு, சமீப காலத்து ஆதாரத்தைக் கொடுக்கிறது. மூன்றாவது, விஷயத்தை அங்கேயே விடாமல் அடுத்த தேதியைச் சொல்கிறது. அறிக்கையில் கம்பெனி ரகசியம் இருந்தால் அனுமதி வாங்கி, பெயர்களை மறைத்து அனுப்ப வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் மேலாளர் கடிதம் மட்டும் போகட்டும்.

அந்தக் கடிதம்தான் பாதி வேலை. ‘இவரது ஆங்கிலம் மிகச் சிறப்பு’ என்ற வரி எல்லோருக்கும் எழுதப்படுகிறது, அதை யாரும் படிப்பதில்லை. ‘இவர் வாரம் ஒரு முறை லண்டன் வாடிக்கையாளருக்கு இரண்டு பக்க நிலவர அறிக்கை எழுதுகிறார். முதல் சில மாதங்கள் நான் திருத்திக் கொடுத்தேன், கடந்த ஓராண்டாகத் திருத்தம் இல்லாமலே போகிறது’ என்ற வரிக்கு எடை உண்டு. யார் எழுதினார், எதை, யாருக்காக, எவ்வளவு அடிக்கடி, யார் திருத்தினார் என்ற ஐந்துக்கும் அதில் பதில் இருக்கிறது. தேவைப்பட்டால் வீடியோ அழைப்பிலோ, நேரம் வைத்து எழுதும் தேர்விலோ கலந்துகொள்ளத் தயார் என்று விண்ணப்பதாரர் சொல்வதும் நல்ல ஆதாரமே. பொய் சொல்பவர் அந்த வாய்ப்பைத் தரமாட்டார்.

ஒரு பொறியையும் கவனிக்க வேண்டும். எழுதுதலில் 5.5 வாங்கியவரின் நோக்கக் கடிதம், ஒரு பிழை இல்லாமல், இலக்கிய நடையில் வந்து நின்றால் என்ன ஆகும்? ‘ஆகா, ஆங்கிலம் நன்றாக இருக்கிறதே’ என்று சேர்க்கைப் பிரிவு நினைக்காது. ‘இதை யார் எழுதிக் கொடுத்தது?’ என்றுதான் நினைக்கும். பணம் கொடுத்து எழுதி வாங்கிய கடிதம், குறைந்த மதிப்பெண்ணை மறைப்பதற்குப் பதிலாக அதன் மேல் விளக்கடித்துக் காட்டுகிறது. எளிய, தெளிவான, சொந்த வாக்கியங்கள்தான் இங்கே பாதுகாப்பு.

மதிப்பெண் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தேர்வு தவறாக அளந்ததா, இல்லை சரியாகத்தான் அளந்ததா? இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நர்ஸ் என்றால் ஒரு நோயாளியின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, போனைத் தள்ளி வைத்து, 40 நிமிடத்தில் 200 சொல்லில் ஒரு கடிதம். மற்றவர்கள் தங்கள் துறையில் ஒரு பிரச்சினையை விளக்கி ஒரு பக்கம். அதை அந்தத் துறை தெரிந்த, ஆனால் அந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒரு முறை படித்து, திரும்பக் கேட்காமல் புரிந்துகொண்டால் மதிப்பெண்ணோடு வாதாட நியாயம் இருக்கிறது. மூன்று இடத்தில் ‘இது என்ன சொல்றீங்க?’ என்று கேட்டால், மதிப்பெண் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. தொடர்ந்து இரண்டு தேர்வில் அதே பகுதியில் அதே எண் வந்தாலும் அப்படித்தான். அப்போது ஆதாரம் திரட்டுவதில் செலவாகும் மாதங்களை, எழுதிப் பழகுவதில் செலவிடுவதே மேல்.

திறமை உண்மையாக இருந்தும் எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கு, நம் பக்கத்து நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கல்லூரிகள் அறுபது பேருக்கு ஒரே சான்றிதழ் அச்சடிப்பதோடு நிறுத்தாமல், மாணவர் ஆங்கிலத்தில் எழுதிய ஒப்படைப்பையோ ஆய்வு அறிக்கையையோ சுட்டிக்காட்டித் தனிக் கடிதம் கொடுக்கலாம். மருத்துவமனைகள், நர்ஸுகளை முழு வாக்கியத்தில் இடமாற்றக் குறிப்பு எழுத வைத்து, அதை மூத்த நர்ஸ் பார்த்துக் கையெழுத்திடும் வழக்கத்தைக் கொண்டுவரலாம். நோயாளிக்கும் அது நல்லது, வெளிநாடு போக நினைப்பவருக்கும் நல்லது. 2023 விதியில் ஒரு மேலாளரின் கையெழுத்துக்கு மதிப்பு வந்ததற்குக் காரணம், தவறாக எழுதினால் அவரது சொந்தப் பதிவுக்கே கேள்வி வரும் என்பதுதான். இங்கே கொடுக்கப்படும் கடிதங்களுக்குப் பின்னாலும் அப்படிப் பொறுப்பேற்கும் ஒரு பெயர் நிற்கும் வரை, திருவண்ணாமலை அனுபவத்தைத் தொலைவிலிருந்து படிப்பவர் நம்ப மறுப்பதைக் குறை சொல்ல முடியாது.